எதை எதற்கு எதிராக வரைவது? சுருள்வில் சோதனையில் வளைகோட்டை நேர்கோடாக்கும் முறை

சென்னையில் கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் முதலாமாண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திவரும் எனக்கு ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. ஒரே மேசையில், ஒரே சுருள்வில்லை வைத்து, ஒரே அளவீடுகளை எடுத்த மூன்று பேர், அந்தச் சுருள்வில்லின் மாறிலிக்கு மூன்று விடைகளை எழுதியிருப்பார்கள். கீழே நான் எடுத்துக்காட்டும் அளவீடுகளில் அந்த மூன்று விடைகள் 10.8, 13.3, 12.0 என்று வருகின்றன. கணக்கில் எவரும் பிழை செய்யவில்லை; நிறுத்துக் கடிகாரத்தையும் சரியாகவே அழுத்தியிருக்கிறார்கள். எதை எதற்கு எதிராக வரைவது என்ற ஒரே முடிவில்தான் அவர்கள் வேறுபட்டார்கள். அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதைச் சுருள்வில் சோதனை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

சோதனையும் அளவீடுகளும்

தாங்கியில் ஒரு சுருள்வில் தொங்குகிறது. அதன் கீழ்முனையில் எடைகளை மாட்டி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் கீழே இழுத்துவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை மூன்று முறை எடுத்துச் சராசரி காண வேண்டும். அளவீடு எடுக்கும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சென்னை வெயிலில் இதைச் சொன்னால் வகுப்பே முனகும். ஆனாலும் மேலும் கீழும் ஆட வேண்டிய எடை பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கிவிட்டால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. விசிறியை நிறுத்திய பிறகும் ஏதோ ஒரு குறிப்பிட்ட எடைக்கு மட்டும் அலைவு தானாகப் பக்கவாட்டுக்கு மாறினால், அது காற்றின் வேலை அன்று. அந்த எடையில் ஊசலாட்டத்தின் அலைவு நேரம் மேல்கீழ் அலைவு நேரத்தைப் போல் இரு மடங்காக அமைந்துவிட்டது என்று பொருள். எடையைச் சற்று மாற்றி எடுத்தால் சரியாகிவிடும்.

கீழே உள்ள அட்டவணையில் m என்பது எடைகளும் ஹேங்கரும் சேர்ந்த மொத்த நிறை. T என்பது ஓர் அலைவுக்கு ஆகும் நேரம். சுருள்வில்லின் சொந்த நிறை தராசில் 66 கிராம்; இதைக் கடைசியில் விடையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வோம்.

| m (கிராம்) | 20 அலைவு நேரம் (வினாடி) | T (வினாடி) | T² (வினாடி²) |
|---|---|---|---|
| 100 | 12.65 | 0.6325 | 0.400 |
| 150 | 15.08 | 0.7540 | 0.569 |
| 200 | 17.06 | 0.8530 | 0.728 |
| 250 | 18.95 | 0.9475 | 0.898 |
| 300 | 20.55 | 1.0275 | 1.056 |
| 350 | 22.15 | 1.1075 | 1.227 |

T-ஐ m-க்கு எதிராக வரைந்தால் மேலே போகப்போகச் சாய்வு குறைகிற வளைகோடு கிடைக்கும். அது வளைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது வர்க்கமூலத்தின் வளைவா, மடக்கையின் வளைவா, வேறொன்றின் வளைவா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. எந்த வளைகோட்டையும் அது எந்தச் சார்பு என்று நம் கண் அடையாளம் காணாது. நேர்கோடா இல்லையா என்பதை மட்டும்தான் நம்பகமாகச் சொல்லும். வரைபடத்தை நேராக்கப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

முதல் படி: சூத்திரத்தை முழுமையாக எழுதுங்கள்

பாடநூலின் முதல் பக்கத்தில் இருக்கும் சூத்திரம் இது:

```
T = 2π √(m/k)
```

இதில் k என்பதுதான் நாம் தேடும் சுருள்வில் மாறிலி. சுருள்வில்லுக்கு நிறையே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் இது பொருந்தும். நம் கையில் இருப்பதோ 66 கிராம் எடையுள்ள எஃகுக் கம்பி. எடை அசையும்போது கம்பியும் அசைகிறது. ஆனால் முழுவதும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. கீழ்முனை எடையின் வேகத்தில் போகிறது, மேல்முனை நிலையாக நிற்கிறது, இடையில் வேகம் சீராகக் குறைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு சிறு துண்டின் இயக்க ஆற்றலையும் கூட்டிப் பார்த்தால், சுருள்வில் முழுவதும் சேர்ந்து தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு கீழ்முனையில் தொங்குவதைப் போல நடந்துகொள்கிறது என்று வரும். ஆகவே நாம் பயன்படுத்த வேண்டிய சூத்திரம்:

```
T = 2π √((m + c)/k)        c = (சுருள்வில் நிறை)/3
```

பெரும்பாலான மாணவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். c சிறியதுதானே, விட்டுவிட்டால் என்ன என்று நினைக்கிறார்கள். அதை விட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே எண்களிலேயே பார்க்கப் போகிறோம்.

இரண்டாம் படி: மூன்று வகையாகப் பிரியுங்கள்

சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பென்சிலால் குறியிடுங்கள். நீங்கள் மாற்றிய அளவு எது? அது m. நீங்கள் அளந்த அளவு எது? அது T. சோதனை முடியும்வரை மாறாமல் இருந்து, நமக்குத் தெரியாமலும் இருப்பவை எவை? அவை k, c ஆகிய இரண்டு. 4, π போன்றவை வெறும் எண்கள். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நேர்கோட்டின் சமன்பாடு y = ax + b. இதில் x, y ஆகிய இரண்டும் ஒவ்வோர் அளவீட்டுக்கும் மாறுபவை. a, b மாறாதவை. ஆகவே நாம் பின்பற்ற வேண்டிய விதி இது: x அச்சிலும் y அச்சிலும் வருபவற்றை, கையில் உள்ள அளவீடுகளைக் கொண்டு மட்டுமே கணக்கிட முடிய வேண்டும், தெரியாதவை அனைத்தும் a-க்குள்ளும் b-க்குள்ளும் அடங்கிவிட வேண்டும். அச்சின் மேல் எழுதிய கோவைக்குள் தெரியாத எழுத்து ஒன்று ஒளிந்திருந்தால் அந்த வரைபடத்தை வரையவே முடியாது. தெரியாததை நீங்களே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு வரைந்தால், வரைந்தது வேறொரு சோதனையின் வரைபடம்.

மூன்றாம் படி: தடையாக நிற்பதை அகற்றுங்கள்

நம் சூத்திரத்தில் k-யும் c-யும் வர்க்கமூலத்துக்குள் சேர்ந்து சிக்கிக்கொண்டிருக்கின்றன. இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் அந்த மூலம் போய்விடும்:

```
T² = (4π²/k)·m + (4π²/k)·c
```

இப்போது ஒவ்வொரு துண்டையும் பொருத்திப் பாருங்கள். y இருக்கும் இடத்தில் T², x இருக்கும் இடத்தில் m. சாய்வு a = 4π²/k. வெட்டுத்துண்டு b = 4π²c/k. தெரியாத இரண்டும் அச்சுகளை விட்டு வெளியேறிவிட்டன. மேலும், b-ஐ a-ஆல் வகுத்தால் k முற்றிலும் நீங்கி c மட்டும் கிடைக்கிறது. ஒரு வரைபடத்திலிருந்து இரண்டு தெரியாதவற்றையும் தனித்தனியே எடுக்க முடிகிறது.

வரைபடத் தாளை எடுக்கும் முன் இந்த ஒப்பீட்டை ரெக்கார்டு நோட்டில் இரண்டு வரியாக எழுதிவிடுவது நல்லது. எந்த அச்சில் எது, சாய்வு எதற்குச் சமம், வெட்டுத்துண்டு எதற்குச் சமம் என்பதை முதலில் எழுதியவர்கள் பிற்பாடு கோட்டைப் பார்த்துத் திகைத்து உட்காருவதில்லை.

நேராகத் தெரியும் ஆனால் தவறான வரைபடங்கள்

வர்க்கமூலம்தான் தொல்லை என்றால் T-ஐ √m-க்கு எதிராக வரைந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. முதல் சூத்திரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். c இல்லாத உலகில் இரண்டும் நேர்கோடுகளே. ஆனால் c இருக்கும்போது √(m + c) என்பதை √m-இன் எந்த மடங்காகவும் எழுத முடியாது. அந்த வரைபடத்தின் x அச்சில் c ஒளிந்திருக்கிறது.

அது உடனே வெளியில் தெரிந்துவிட்டால் தொல்லையில்லை. தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து. மேலே உள்ள ஆறு புள்ளிகளையும் T, √m என்று வரைந்து பாருங்கள். ஸ்கேலை வைத்தால் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் அதன் மேல் உட்காரும். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைக்கும் கோட்டின் சாய்வு 1.725; அதிலிருந்து k = 4π²/1.725² = 13.3 நியூட்டன்/மீட்டர். அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால், எடையே இல்லாத நிலையில் T = 0.087 வினாடி என்று வருகிறது. இந்த 0.087-க்குச் சூத்திரத்தில் எந்த எழுத்தும் பொறுப்பேற்காது. நேர்கோட்டின் வெட்டுத்துண்டுக்குப் பெயர் சொல்ல முடியவில்லை என்றால், அச்சுகளைத் தேர்ந்தெடுத்ததில் தவறு இருக்கிறது என்பதற்கான முதல் அறிகுறி அதுதான்.

மடக்கை வரைபடம் இன்னும் நயமாக ஏமாற்றும். log T-ஐ log m-க்கு எதிராக வரைந்தால், T = A·mⁿ என்ற வடிவத்தில் உள்ள எந்த உறவும் n என்ற சாய்வுள்ள நேர்கோடாகும். அடுக்கு எவ்வளவு என்றே தெரியாத நிலையில் இது மிகப் பயனுள்ள முறை. ஆனால் அது பெருக்கல்களை மட்டுமே கூட்டலாக மாற்றும். உள்ளே ஏற்கெனவே ஒரு கூட்டல் இருந்தால் அதை அவிழ்க்க மடக்கைக்குத் தெரியாது. log(m + c) என்பதை இரண்டாகப் பிரிக்க எந்த விதியும் இல்லை. நம் அளவீடுகளில் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே மடக்கைச் சாய்வு 0.447. எதிர்பார்த்தது 0.5. “சோதனைப் பிழை 10 சதவீதம்” என்று எழுதி மூடிவைத்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அதே வரைபடத்தைப் பாதியாகப் பிரித்துப் பாருங்கள்: 100 முதல் 200 கிராம் வரை சாய்வு 0.43, 200 முதல் 350 வரை 0.47. எடை கூடக்கூடச் சாய்வு 0.5-ஐ நோக்கி ஏறுகிறது. தற்செயல் பிழை இப்படி ஒரே திசையில் நடக்காது. m-உடன் ஏதோ ஒன்று கூட்டப்பட்டிருக்கிறது, அதன் பங்கு எடை கூடும்போது குறைகிறது என்பதையே அது காட்டுகிறது.

வரைபடமே போடாமல் ஒவ்வொரு வரிசைக்கும் k = 4π²m/T² என்று கணக்கிட்டுச் சராசரி எடுப்பவரின் கதையும் இதேதான். 100 கிராமுக்கு 9.87, 200 கிராமுக்கு 10.85, 350 கிராமுக்கு 11.27 என்று k ஏறிக்கொண்டே போகிறது. இந்த ஏற்றத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அவர் ஆறையும் கூட்டி ஆறால் வகுத்து 10.8 என்று எழுதுகிறார். சராசரி என்பது சிதறலைக் குறைக்கும். சாய்ந்து போகும் போக்கைக் குறைக்காது.

நான்காம் படி: வரைதல்

m-ஐ x அச்சிலும் T²-ஐ y அச்சிலும் வையுங்கள். எடைகளின் மதிப்பு நமக்கு நன்றாகத் தெரியும். கையால் அழுத்தும் கடிகாரத்தில்தான் நிச்சயமின்மை அதிகம். நிச்சயம் குறைந்ததை y அச்சில் வைப்பதே வழக்கம். கணினியில் கோடு பொருத்தும் சாதாரண முறையும் பிழை முழுவதும் y-இல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறது.

வரைபடத் தாளில் x அச்சுக்கு 1 செ.மீ. = 25 கிராம், y அச்சுக்கு 1 செ.மீ. = 0.1 வினாடி² என்று எடுத்தால் நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆதிப்புள்ளியைத் தாளின் இடது ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். இடப்பக்கம் குறைந்தது 2 செ.மீ. விட்டுவிடுங்கள். கோடு x அச்சை வெட்டும் இடம் பூஜ்யத்துக்கு இடப்பக்கம், m = −c என்ற புள்ளியில் இருக்கும். அந்த இடத்தை நேரடியாகத் தாளிலேயே பார்ப்பது போல் மனதில் பதிவது வேறில்லை.

கோட்டைப் போடும்போது ஆதிப்புள்ளி வழியாக இழுத்துச் செல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். “எடை இல்லாவிட்டால் அலைவும் இல்லை, ஆகவே கோடு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்” என்று வாதிடுவார்கள். எடை இல்லாவிட்டாலும் சுருள்வில் தன் எடையிலேயே ஆடும், தட்டிவிட்டுப் பாருங்கள். கணினியில் கோட்டைப் பூஜ்யம் வழியாகப் போகச் செய்யும் வசதியை இயக்கினால் இதே அளவீடுகளில் k = 11.1 என்று வருகிறது. T², m என்று சரியான அச்சுகளைத் தேர்ந்தெடுத்த பிறகும், அந்த ஒரு தேர்வு விடையைக் கெடுத்துவிடுகிறது.

ஐந்தாம் படி: சாய்வையும் வெட்டுத்துண்டையும் படித்தல்

சாய்வு காண அட்டவணையில் உள்ள புள்ளிகளை எடுக்கக் கூடாது. கோட்டின் மேல், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ள இரண்டு இடங்களை எடுக்க வேண்டும். அளவீட்டுப் புள்ளிகளையே எடுத்தால், மற்ற நான்கு அளவீடுகளை எடுத்ததற்கும் கோடு வரைந்ததற்கும் பயனே இல்லாமல் போய்விடும். நான் வரைந்த கோட்டில் m = 50 கிராமில் T² = 0.235 என்றும், m = 330 கிராமில் T² = 1.160 என்றும் படித்தேன்.

```
சாய்வு = (1.160 − 0.235) / (0.330 − 0.050) = 3.30
k = 39.48 / 3.30 = 12.0
வெட்டுத்துண்டு = 0.235 − 3.30 × 0.050 = 0.070
c = 0.070 / 3.30 = 0.0212
```

கிராமைக் கிலோகிராமாக மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். சாய்வுக்கு அலகு உண்டு: வினாடி²/கிலோகிராம். அதை எழுதாமல் விட்டால் k ஆயிரம் மடங்கு தவறிப்போகும் வாய்ப்பு அதிகம். அலகை எழுதிவிட்டால் k-இன் அலகு நியூட்டன்/மீட்டர் என்று தானாக வந்து நின்று சரிபார்ப்பாகவும் உதவும்.

c = 21.2 கிராம், மூன்றால் பெருக்கினால் 64 கிராம். தராசு காட்டியது 66. தாளில் வெட்டுத்துண்டின் உயரமே 7 மில்லிமீட்டர்தான் என்பதால் இந்த நெருக்கம் போதுமானது. கணினியில் இதைச் செய்பவர்கள் m-ஐக் கிலோகிராமில் A நெடுவரிசையிலும் T²-ஐ D நெடுவரிசையிலும் வைத்து இப்படி எழுதலாம்:

```
=SLOPE(D2:D7, A2:A7)
=INTERCEPT(D2:D7, A2:A7)
```

y முதலில், x இரண்டாவதாக என்ற வரிசையை மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் 3.29-க்குப் பதில் ஏறத்தாழ 0.30 வரும். இந்த அளவீடுகளுக்குச் சாய்வு 3.294, வெட்டுத்துண்டு 0.0716 என்று கிடைக்கிறது. புள்ளிகளின் சிதறலிலிருந்து பிழை கணக்கிட்டால் சாய்வில் அரை சதவீதம்தான். வெட்டுத்துண்டிலோ ஐந்து சதவீதத்துக்கும் மேல், அதாவது 0.004 அளவுக்கு. காரணம் எளிது: புள்ளிகள் எல்லாம் 100-க்கும் 350-க்கும் இடையே இருக்க, நாம் கோட்டை அவற்றுக்கு வெளியே பூஜ்யம் வரை நீட்டுகிறோம். ஆகவே சுருள்வில்லின் நிறையை 65 ± 4 கிராம் என்று எழுத வேண்டும், 65.2 என்று தசமத்தோடு எழுதுவதற்கு இந்தச் சோதனை இடம் தரவில்லை.

ஆறாம் படி: கோடு மறைப்பதைத் தேடுங்கள்

கோடு நேராக வந்துவிட்டது என்பதால் அளவீடுகள் சரி என்று ஆகிவிடாது. சில பிழைகள் நேர்கோட்டைக் கொஞ்சமும் வளைக்காமல் உள்ளேயே இருந்துவிடும்.

ஹேங்கரின் நிறையைச் சேர்க்க மறந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹேங்கர் 50 கிராம். எல்லாப் புள்ளிகளும் 50 கிராம் இடப்பக்கம் நகரும். கோடு அப்படியே நேராக இருக்கும், சாய்வும் மாறாது, k = 12.0 என்றே வரும். ஆனால் c மட்டும் கணினியில் கிடைத்த 21.7-இலிருந்து 71.7 கிராமாகிவிடும், மூன்றால் பெருக்கினால் 66 கிராம் சுருள்வில்லுக்கு 215 கிராம் நிறை என்று விடை கிடைக்கும். இந்த முறையில் எனக்குப் பிடித்த அம்சமே இதுதான்: எடையில் நடந்த மாறாத தவறு முழுவதும் வெட்டுத்துண்டுக்குள் போய் விழுகிறது, k தப்பித்துவிடுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் k கணக்கிட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொரு பிழை இதற்கு நேர்மாறானது. எடையை விடும் கணத்தில் “ஒன்று” என்று எண்ணத் தொடங்குபவர் 20 வரை எண்ணும்போது உண்மையில் 19 அலைவுகளே முடிந்திருக்கும். எல்லா T-யும் ஐந்து சதவீதம் குறையும். T² ஏறத்தாழ பத்து சதவீதம் குறையும். சாய்வும் வெட்டுத்துண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் c மாறாமல் 21.7 என்றே நிற்கும். k மட்டும் 13.3 ஆகிவிடும். கோடும் நேர், சுருள்வில் நிறையும் சரி, முக்கியமான விடை தவறு! இதைப் பிடிக்க வரைபடத்துக்கு வெளியே போக வேண்டும். 100 கிராமோடு மேலும் 200 கிராமை மாட்டிச் சுருள்வில் எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் 9.78 மீட்டர்/வினாடி²; k = 12.0 என்றால் 100 கிராமிலிருந்து 300 கிராமுக்குப் போகும்போது நீட்சி 16.3 செ.மீ. கூட வேண்டும். k உண்மையிலேயே 13.3 என்றால் 14.7 செ.மீ.தான் கூடும். மீட்டர் ஸ்கேலில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். எடை இல்லாத நிலையிலிருந்து அளக்காமல் 100-இலிருந்து 300 வரை அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நெருக்கிச் சுற்றிய சுருள்வில்களில் சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால், முதல் சில கிராம்களுக்கு அவை திறப்பதே இல்லை.

புள்ளிகள் கோட்டின் எந்தப் பக்கம் விழுகின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். நம் ஆறு புள்ளிகளும் கோட்டுக்குக் கீழே, மேலே, கீழே, மேலே, கீழே, மேலே என்று மாறிமாறி விழுகின்றன; இது வெறும் சிதறல். முதலும் கடைசியும் ஒரு பக்கம், நடுவில் உள்ளவை மறுபக்கம் என்று விழுந்தால், தூரம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கோடு இன்னும் வளைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே இந்த நேர்கோடும் வளையும்

மூன்றில் ஒரு பங்கு என்பது, தொங்கும் எடை சுருள்வில்லைவிடக் கனமாக இருக்கும் நிலைக்கு உரிய மதிப்பு. எடையே இல்லாமல் சுருள்வில் தானே ஆடும்போது அந்தப் பங்கு 4/π², அதாவது ஏறத்தாழ 0.405 ஆகிவிடுகிறது. ஆகவே மிகச் சிறிய எடைகளில் புள்ளிகள் கோட்டுக்குச் சற்று மேலே எழும். 66 கிராம் சுருள்வில்லுக்கு 100 கிராமிலிருந்து தொடங்கினால் இந்த விலகல் T²-இல் 0.003 அளவுக்குத்தான் இருக்கும். அது நம் சிதறலுக்குள் மறைந்துவிடும். 20, 30 கிராம் எடைகளில் தொடங்கினால் மறையாது. ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகிய சுருள்வில் கையில் கிடைத்தால், நிறையும் விறைப்பும் நீளத்தில் சீராகப் பரவியிருக்காது. அதற்கு மூன்றில் ஒரு பங்கு என்பதே பொருந்தாது. அப்போதும் T², m வரைபடம் நேராகவே வரும், k-யும் சரியாகவே வரும். c-யை மட்டும் நிறையோடு ஒப்பிட வேண்டாம்.

இதே விதி, சட்ட ஊசலில்

அடுத்த வாரமே உங்கள் மேசைக்கு வரக்கூடிய சட்ட ஊசல் சோதனையில் இந்த விதி எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் காட்டிவிடுகிறேன். தாங்கும் முனைக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் உள்ள தூரம் h, சட்டத்தின் சுழற்சி ஆரம் K என்றால்:

```
T² = 4π²(h² + K²) / (g·h)
```

இங்கே வர்க்கப்படுத்துவது மட்டும் போதாது. T²-ஐ h-க்கு எதிராக வரைந்தால் கோடு கீழே இறங்கி மீண்டும் ஏறும்; எந்த அடுக்கும் மடக்கையும் அதை நேராக்காது. தடையாக நிற்பது கீழே உள்ள h. அதை இடப்பக்கம் கொண்டுபோனால்:

```
h·T² = (4π²/g)·h² + (4π²/g)·K²
```

y அச்சில் hT², x அச்சில் h². அளந்த இரண்டு அளவுகளையும் கலந்து ஒரே அச்சில் வைப்பதில் தவறில்லை. தெரியாதது உள்ளே நுழையக் கூடாது, அவ்வளவுதான். சென்னையில் சாய்வு 4.04 வினாடி²/மீட்டரை ஒட்டி வர வேண்டும். வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் K². ஒரு மீட்டர் நீளச் சட்டத்துக்கு K ஏறத்தாழ 29 செ.மீ. வழக்கமான T, h வளைகோட்டில் கிடைக்கோடு இழுத்து நான்கு வெட்டுப்புள்ளிகளைத் தேடுவதைவிட இதில் எல்லா அளவீடுகளும் பயன்படுகின்றன. சட்டத்தின் இரண்டு பக்கங்களிலும் எடுத்த புள்ளிகளை இரண்டு வண்ணப் பென்சில்களில் குறியுங்கள். ஈர்ப்பு மையத்தைச் சரியாகக் குறித்திருந்தால் இரண்டு வண்ணங்களும் ஒரே கோட்டில் விழும். ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிக் குறித்திருந்தால் ஒரு பக்கத்து h எல்லாம் கூடுதலாகவும் மறுபக்கத்து h எல்லாம் குறைவாகவும் ஆகி, புள்ளிகள் இரண்டு வரிசைகளாகப் பிரிந்து நிற்கும். அப்படிப் பிரிந்தால் நேரம் எடுத்த அளவீடுகளை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. சட்டத்தைக் கத்திமுனையில் வைத்துச் சமன் செய்து, அந்த ஒரு புள்ளியை மட்டும் மீண்டும் குறித்து, h நெடுவரிசையைத் திருத்திக்கொண்டால் போதும்.